நூறு நாள் உச்சமும் ஐந்து மடங்கு இடைவெளியும்

ஒரு பங்கின் விலை கடந்த நூறு வர்த்தக நாட்களில் தொட்ட மிக உயர்ந்த புள்ளிகளைக் கோடாக இழுத்தால் அது மேல் கோடு. அதே நூறு நாட்களின் மிகத் தாழ்ந்த புள்ளிகளை இணைத்தால் கீழ்க் கோடு. இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் பட்டைக்கு டான்சியன் சேனல் என்று பெயர். விலை மேல் கோட்டைத் தாண்டி முடிந்தால் வாங்குவது, பிறகு ஏற்றம் தொடரும் வரை விடாமல் வைத்திருப்பது, ஏற்றம் முறிந்ததாக விதி சொல்லும்போது விற்பது என்பதே இந்தச் சேனலை வைத்துச் செய்யும் ட்ரெண்ட் ஃபாலோயிங். இதில் கணிப்பு கிடையாது. நிறுவனம் என்ன தயாரிக்கிறது, லாபம் எவ்வளவு என்ற கேள்விகளும் எழுவதில்லை. விலை புதிய உச்சம் கண்டதா என்ற ஒரே கேள்விதான்.

சேனலுக்குப் பெயர் தந்த ரிச்சர்ட் டான்சியன் 1905-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில், ஆர்மீனியாவிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் படித்தார். பொதுமக்களின் பணத்தைத் திரட்டிச் சரக்குச் சந்தையின் ஃப்யூச்சர்ஸ் ஒப்பந்தங்களில் ஈடுபடுத்தும் நிதியை 1940-களின் இறுதியிலேயே தொடங்கியவர். அவருடைய புகழ்பெற்ற விதி நான்கு வார விதி. முந்தைய நான்கு வாரங்களின் உச்சத்தைத் தாண்டினால் வாங்க வேண்டும். நான்கு வாரத் தாழ்வுக்குக் கீழே போனால், வாங்கியதை விற்பதோடு நிற்காமல் இறக்கத்தின் பக்கமும் ஒப்பந்தம் எடுக்க வேண்டும். ஆக எந்நேரமும் சந்தையில் ஏதாவதொரு பக்கம் இருப்பதுதான் அவர் முறை. 1983-இல் சிகாகோவின் ரிச்சர்ட் டென்னிஸும் வில்லியம் எக்ஹார்ட்டும் முன்பின் அனுபவமில்லாத சிலரைத் தேர்ந்தெடுத்து, ‘டர்ட்டில்ஸ்’ என்று பெயரிட்டுப் பயிற்சி கொடுத்தபோது கற்றுத்தந்ததும் இதன் வாரிசுதான்: 20 நாள் உச்சத்தில் வாங்கி 10 நாள் தாழ்வில் வெளியேறுவது, அல்லது 55 நாள் உச்சத்தில் வாங்கி 20 நாள் தாழ்வில் வெளியேறுவது.

இவை எல்லாம் கோதுமை, வெள்ளி, யென், அரசுக் கடன்பத்திரம் போன்றவற்றின் ஃப்யூச்சர்ஸ் சந்தைக்காக எழுதப்பட்ட விதிகள். அவற்றை அப்படியே தனிப் பங்குகளுக்குக் கொண்டுவந்தால் சரியாக வருவதில்லை. தனிப் பங்கில் சத்தம் அதிகம். ஒரு காலாண்டு முடிவு, ஒரு வதந்தி, ஒரு பெரிய முதலீட்டாளரின் விற்பனை போதும், விலை 10 நாள் தாழ்வைத் தொட்டுவிட்டு மறுபடி ஏறத் தொடங்கிவிடும். இறக்கத்தின் பக்கம் எடுப்பதும் இந்தியாவில் எளிதல்ல. டெலிவரிப் பிரிவில் கையில் இல்லாத பங்கை விற்று மறுநாளுக்குக் கொண்டுபோக முடியாது. அதற்கு ஃப்யூச்சர்ஸ் பிரிவில் உள்ள ஒருசில பங்குகளைத்தான் நாட வேண்டும். எனவே பங்குகளில் இந்த முறை வாங்குவதோடு நின்றுவிடுகிறது. காலக்கெடு நீள்கிறது, வெளியேறும் கோடு தள்ளிப்போகிறது, பங்குகளின் எண்ணிக்கை கூடுகிறது.

எண்ணிக்கை ஏன் கூட வேண்டும் என்பதற்குப் பதில் பங்குச்சந்தை வருமானம் விநியோகமாகும் விதத்தில் இருக்கிறது. ஹென்ட்ரிக் பெசம்பைண்டர் என்ற அமெரிக்க நிதியியல் பேராசிரியர் 1926 முதல் 2016 வரை அமெரிக்கச் சந்தைகளில் பட்டியலிடப்பட்ட ஏறத்தாழ 26,000 பங்குகளின் வரலாற்றை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார். அந்தத் தொண்ணூறு ஆண்டுகளில் சந்தை உருவாக்கிய மொத்த நிகரச் செல்வமும் சுமார் நான்கு சதவீத நிறுவனங்களிடமிருந்தே வந்திருந்தது. பாதிக்கும் மேற்பட்ட பங்குகள் தங்கள் ஆயுள் முழுவதும் சேர்த்து, அரசின் குறுகிய காலக் கடன்பத்திரம் தந்த வருமானத்தைக்கூடத் தரவில்லை. அந்த நான்கு சதவீதத்தில் எது வரும் என்று முன்கூட்டியே சொல்ல வழியில்லை. ஆனால் ஒன்று உறுதி: பல மடங்கு ஏறும் எந்தப் பங்கும் நூறு நாள் உச்சத்தைத் தாண்டாமல் ஏற முடியாது. நூற்றுக்கணக்கான பங்குகளைத் தினமும் கவனித்து, உச்சம் தாண்டியதை எல்லாம் சிறுசிறு அளவில் வாங்கினால், பெரிய ஏற்றங்களில் சிலவாவது கையில் அகப்படும். தவறான சமிக்ஞைகளும் ஏராளமாக அகப்படும். அவற்றுக்கான செலவைக் கட்டுப்படுத்துவதே அளவு விதியின் வேலை.

அளவை முடிவு செய்ய முதலில் தேவைப்படுவது அந்தப் பங்கு ஒரு நாளில் சராசரியாக எவ்வளவு அசைகிறது என்ற கணக்கு. வெல்ஸ் வைல்டர் 1978-இல் வெளியிட்ட நூலில் தந்த ‘ஆவரேஜ் ட்ரூ ரேஞ்ச்’, சுருக்கமாக ஏடிஆர், இதற்குப் பயன்படுகிறது. அன்றைய உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள இடைவெளி, நேற்றைய முடிவிலிருந்து இன்றைய உச்சம் உள்ள தூரம், நேற்றைய முடிவிலிருந்து இன்றைய தாழ்வு உள்ள தூரம் ஆகிய மூன்றில் எது பெரியதோ அது அன்றைய வீச்சு. இரவோடிரவாக விலை தாவித் திறக்கும் நாட்களும் கணக்கில் சேர வேண்டும் என்பதால்தான் நேற்றைய முடிவு உள்ளே வருகிறது. இருபது நாள் வீச்சின் சராசரி எடுத்தால் ஏடிஆர் கிடைத்துவிடும்.

பத்து லட்ச ரூபாய் மூலதனம் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். ஒரு பங்கில் தவறினால் மூலதனத்தில் அரை சதவீதம், அதாவது 5,000 ரூபாய்தான் போக வேண்டும் என்று அவர் வைத்துக்கொள்கிறார். இதுவே அவருடைய ஓர் இடர் அலகு. வாங்கிய பிறகு கண்ட மிக உயர்ந்த முடிவு விலையிலிருந்து ஐந்து ஏடிஆர் இறங்கினால் விற்பது அவர் விதி. இப்போது இரண்டு பங்குகள் ஒரே நாளில் நூறு நாள் உச்சத்தைத் தாண்டுகின்றன. இரண்டின் விலையும் 400 ரூபாய். முதல் பங்கு அமைதியானது, ஏடிஆர் 8 ரூபாய். இரண்டாவது துள்ளுவது, ஏடிஆர் 20 ரூபாய். முதல் பங்கில் வெளியேறும் கோடு 40 ரூபாய் கீழே, 360-இல் இருக்கிறது. 5,000-ஐ 40-ஆல் வகுத்தால் 125 பங்குகள். முதலீடு 50,000 ரூபாய். இரண்டாவது பங்கில் கோடு 100 ரூபாய் கீழே, 300-இல். 5,000-ஐ 100-ஆல் வகுத்தால் 50 பங்குகள். முதலீடு வெறும் 20,000 ரூபாய்.

போட்ட பணம் வேறு வேறு, ஆனால் கோட்டைத் தொட்டால் போகும் பணம் ஒன்றே. இதைத்தான் சம இடர் அலகு என்கிறார்கள். எல்லாப் பங்கிலும் ஒரே தொகையைப் போடுபவருடைய ஆண்டு முடிவைத் துள்ளும் நான்கைந்து பங்குகளே தீர்மானித்துவிடும். மீதிப் பங்குகள் இருந்தும் இல்லாததற்குச் சமம். சம அலகில் எந்தப் பங்குக்கும் சலுகை கிடையாது. ‘இது நல்ல கம்பெனி, கொஞ்சம் கூடுதலாகப் போடலாம்’ என்ற நினைப்புக்கும் இடம் கிடையாது.

இனி முதல் பங்கின் பயணத்தைப் பார்க்கலாம். 400-இல் வாங்கிய பங்கு இரண்டு மாதத்தில் 480-க்குப் போகிறது. ஏடிஆரும் 9 ஆகியிருக்கிறது. கோடு இப்போது 45 ரூபாய் கீழே, 435-இல். பிறகு பங்கு 445 வரை சரிகிறது. பத்தாயிரம் ரூபாய் லாபத்தில் நாலாயிரத்துக்கும் மேல் கரைந்துவிட்டது, ஆனாலும் விதி அசையவில்லை. சரிவு நின்று, ஓராண்டுக்கும் மேலாக ஏறி இறங்கி ஏறி, பங்கு 900-இல் முடிகிறது. அப்போது ஏடிஆர் 20, எனவே கோடு 800-இல். அடுத்த சில வாரங்களில் விலை 795-இல் முடிய, மறுநாள் காலை 790-க்கு விற்றாகிறது. ஒரு பங்குக்கு 390 ரூபாய் வீதம் 48,750 ரூபாய் லாபம். கிட்டத்தட்ட பத்து அலகு. உச்சத்திலிருந்து திருப்பிக் கொடுத்தது 13,750 ரூபாய். உச்சத்தில் விற்றவருடைய கதையைக் கேட்டால் இது முட்டாள்தனமாகத் தெரியும். 480-இல் விற்றவரும் அன்றைக்கு அது உச்சம் என்றுதான் நினைத்திருப்பார்.

கோடு ஏறலாம், இறங்கக் கூடாது என்பதும் விதியின் ஒரு பகுதி. விலை சரியும்போது ஏடிஆர் பெரிதாகும். புதிய ஏடிஆரை வைத்து மறுபடி கணக்கிட்டால் கோடும் கூடவே கீழே நழுவும். அப்படி நழுவ விட்டால் வெளியேறும் விதியே இல்லாததுபோல் ஆகிவிடும். ஏடிஆருக்குப் பதிலாக ஐம்பது நாள் தாழ்வையே, அதாவது ஐம்பது நாள் சேனலின் கீழ்க் கோட்டையே வெளியேறும் கோடாக வைப்பவர்களும் உண்டு. பலனில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. ஆனால் வேகமாக ஏறிய பங்கில் ஐம்பது நாள் தாழ்வு வெகு தொலைவில் கிடக்கும்.

அகலமான கோட்டுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்கள் எல்லாம் நேர்மையானவை அல்ல. இரண்டு ஏடிஆர் இடைவெளி வைத்தவர் 460-இலேயே வெளியே தள்ளப்பட்டிருப்பார் என்பது உண்மைதான். ஆனால் அவருடைய கோடு 16 ரூபாய் தூரத்தில் இருந்ததால், அதே 5,000 ரூபாய் அலகுக்கு அவர் 312 பங்குகள் வாங்கியிருப்பார். 60 ரூபாய் ஏற்றத்திலேயே 18,720 ரூபாய் பார்த்துவிட்டார். விலை மறுபடி உச்சம் தாண்டினால் மறுபடி நுழையவும் செய்வார். காகிதக் கணக்கில் அவர் தோற்றவர் என்று அடித்துச் சொல்ல முடியாது. அகலத்தின் உண்மையான பலன் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, அவருடைய 312 பங்குகளின் விலை 1,25,000 ரூபாய்க்குப் பக்கம். பத்து லட்சத்தில் எட்டுப் பங்குகள்தான் வாங்க முடியும். பல பங்குகள் என்ற அடிப்படையே அங்கே உடைந்துவிடுகிறது. இரண்டு, தாவல். ஒரு நாள் காலை பங்கு 20 சதவீதம் கீழே திறந்தால் அவர் இழப்பு 25,000 ரூபாய், ஐந்து அலகு. ஐந்து ஏடிஆர் வைத்தவருக்கு அது 10,000 ரூபாய், இரண்டு அலகு.

தாவல் என்பது கற்பனை ஆபத்து அல்ல. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் கணக்கு மோசடியை ஒப்புக்கொண்ட கடிதம் வெளியானதும், முந்தைய நாள் 179 ரூபாய் அளவில் முடிந்திருந்த பங்கு 40 ரூபாய்க்குப் பக்கத்தில் முடிந்தது. அந்தப் பங்கு மாதக்கணக்காக இறங்கிக்கொண்டிருந்ததால் நூறு நாள் உச்ச விதியில் யாரும் அப்போது அதை வைத்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் ஸ்டாப் லாஸ் என்பது சார்ட்டில் போட்ட கோடு மட்டுமே, அந்த விலையில் வாங்க ஆள் இருப்பார் என்ற உத்தரவாதம் அல்ல என்பதை அந்த ஒரு நாள் காட்டியது. சிறிய பங்குகளில் இது வேறு வடிவில் வரும். ஒரு நாளைக்கு 5 அல்லது 10 சதவீதத்துக்கு மேல் இறங்கக் கூடாது என்ற வரம்பு உள்ள பங்கு, நாள்தோறும் லோயர் சர்க்யூட்டில் திறந்து அங்கேயே உறைந்து நிற்கும். விற்க வரிசை நீளும், வாங்க ஒருவரும் வரமாட்டார். அதனால் தினசரி வர்த்தக மதிப்பு குறைந்த பங்குகளைப் பட்டியலிலேயே சேர்க்காமல் விடுவது வழக்கம்.

இருபது வியாபாரங்கள் முடிந்த பிறகு கணக்கு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி. பன்னிரண்டு நஷ்டத்தில் முடிகின்றன. வாங்கிய பின் கொஞ்சம் ஏறிவிட்டுத் திரும்பும் பங்குகளில் கோடும் கொஞ்சம் ஏறியிருக்கும் என்பதால், நஷ்டம் முழு அலகை எட்டாமல் சராசரியாக 3,500 ரூபாயில் நிற்கிறது, மொத்தம் 42,000. ஐந்து வியாபாரங்களில் சராசரி 4,000 லாபம், மொத்தம் 20,000. இரண்டில் ஆளுக்கு 14,000, மொத்தம் 28,000. கடைசியாக மேலே பார்த்த அந்த ஒன்று, 48,750. கூட்டிக் கழித்தால் 54,750 ரூபாய் மிச்சம். அந்த ஒன்றை நீக்கினால் 6,000. வாங்கி விற்கும் செலவை வியாபாரத்துக்கு 200 என்று வைத்தால் அதிலும் 4,000 போய், கையில் நிற்பது இரண்டாயிரம். இந்த முறையைத் தொடங்கிப் பாதியில் விட்டவர்கள் பெரும்பாலும் பன்னிரண்டு நஷ்டங்களையும் முழுமையாக ஏற்றுக்கொண்டு, அந்த ஒன்றை மட்டும் 480-இலோ 600-இலோ விற்றவர்கள். அல்லது அந்தச் சமிக்ஞை வந்த வாரத்தில் தொடர் நஷ்டத்தால் வெறுத்துப்போய் வாங்காமல் விட்டவர்கள்.

பெரிதாக வளர்ந்துவிட்ட பங்கை என்ன செய்வது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 900 ரூபாயில் அந்த 125 பங்குகளின் மதிப்பு 1,12,500. கோட்டுக்கும் விலைக்கும் நடுவில் தொங்கும் பணம் 12,500, தொடக்க அலகைப்போல் இரண்டரை மடங்கு. சிலர் ஒவ்வொரு மாதமும் அளவைக் குறைத்து அலகுக்குள் கொண்டுவருவார்கள். ஆட்டம் குறையும், உண்மை. ஆனால் பன்னிரண்டு நஷ்டத்துக்கும் ஈடுகட்ட வேண்டிய பங்கையே வெட்டிக்கொண்டிருப்பது முறையின் நோக்கத்துக்கு எதிரானது. ஒரு பங்கு மொத்த மூலதனத்தில் பதினைந்து சதவீதம் போன்ற ஓர் உச்சவரம்பைத் தாண்டும்போது மட்டும் குறைப்பது நடுவழி.

பல பங்குகளில் செய்யும்போது வரும் கடினமான பிரச்சினை பணத் தட்டுப்பாடு. உச்ச சமிக்ஞைகள் சீராக வருவதில்லை. சந்தை சோர்ந்திருக்கும் மாதங்களில் ஒன்றிரண்டு வரும். சந்தை திரும்பி எழும் வாரத்தில் ஐநூறு பங்குகளில் நாற்பது ஒரே சமயத்தில் மேல் கோட்டைத் தாண்டும். பங்குக்குச் சராசரி 40,000 என்றால் பத்து லட்சம் இருபத்தைந்தோடு முடிந்துவிடும். மீதிப் பதினைந்தில் பெரிய ஏற்றம் ஒளிந்திருக்கலாம். எதை எடுப்பது என்பதை அன்றைக்கு யோசிக்கக் கூடாது. கடந்த ஆறு மாத ஏற்றத்தில் முந்தி நிற்பவை என்றோ, வேறு ஏதாவது அளவுகோலிலோ முன்பே வரிசை முறையை எழுதிவைக்க வேண்டும். அல்லது அலகை அரை சதவீதத்திலிருந்து கால் சதவீதமாக்கி இரண்டு மடங்கு பங்குகளுக்கு இடம் கொடுக்கலாம். விதியைச் சோதிப்பவர் தேர்வைக் கணினியிடம் குருட்டாம்போக்கில் பல முறை மாற்றி மாற்றிச் செய்ய விட்டுப் பார்க்க வேண்டும். எந்தக் குழுவை எடுத்தாலும் விளைவு ஏறத்தாழ ஒரே வட்டத்தில் வந்தால் முறையில் வலு இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட தேர்வில் மட்டும் அமோக லாபம் தெரிந்தால் அது ஓரிரு பங்குகளின் தயவு.

இருபத்தைந்து பங்குகள், இருபத்தைந்து சம அலகுகள் என்றால் ஆபத்து இருபத்தைந்தாகப் பிரிந்துவிட்டது என்று எண்ணத் தோன்றும். கோதுமையும் யென்னும் வைத்திருந்த டான்சியனுக்கு அது ஓரளவு பொருந்தும். இந்தியப் பங்குகளுக்குப் பொருந்தாது. 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸும் நிஃப்டியும் ஒரே நாளில் சுமார் 13 சதவீதம் விழுந்தபோது, மருந்துக் கம்பெனி, வங்கி, சிமென்ட் என்று வித்தியாசம் பார்க்கவில்லை. அப்படிப்பட்ட நாளில் எல்லாப் பங்கும் சேர்ந்து ஒரே பந்தயமாகிவிடும். ஒரு துறையில் இத்தனை அலகுக்கு மேல் கூடாது என்ற கட்டுப்பாடு கொஞ்சம் உதவும். நிஃப்டி தன் 200 நாள் சராசரிக்குக் கீழே இருக்கும்போது புதிதாக வாங்குவதில்லை என்ற விதியும் உதவும். முறைக்கு உள்ளேயே ஒரு தற்காப்பும் இருக்கிறது: நீண்ட இறக்கத்தில் வெளியேறும் கோடுகள் ஒவ்வொன்றாக வெட்டுப்படும், நூறு நாள் உச்சம் தாண்டும் பங்குகளோ அரிதாகும், பணம் தானாகவே ரொக்கமாகச் சேரும். மெல்லத் தொடங்கும் இறக்கத்தில் இது நன்றாக வேலை செய்யும். உச்சத்திலிருந்து நான்கு வாரத்தில் செங்குத்தாக விழும் சந்தையில் இது தாமதமாகத்தான் வரும்.

பழைய விலைகளில் சோதித்து அழகான வரைபடம் காட்டுபவர்களிடம் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். இன்றைய நிஃப்டி 500 பட்டியலை எடுத்துக்கொண்டு பதினைந்து ஆண்டுக்கு முன்னிருந்து சோதித்திருந்தால், அந்தப் பங்குகள் வளர்ந்ததால்தான் இன்று பட்டியலில் இருக்கின்றன. இடையில் அழிந்துபோனவை சோதனைக்கே வரவில்லை. போனஸ், பங்குப் பிரிப்பு ஆகியவற்றுக்கு விலையைச் சரிசெய்யாமல் விட்டால், ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்த நாளில் விலை பாதியாகி, ஏறிக்கொண்டிருக்கும் நல்ல பங்கு வெளியேறும் கோட்டை வெட்டியதாகக் கணினி விற்றுவிடும். மேலும், மேல் கோடு முந்தைய நூறு நாட்களுக்கு உரியதாக இருக்க வேண்டும். இன்றைய உச்சத்தையும் அதில் சேர்த்துவிட்டால் எந்த முடிவு விலையும் கோட்டைத் தாண்டவே முடியாது. அப்போது சமிக்ஞையே வராது. அதைச் சரிக்கட்ட அரைகுறையாக மாற்றியமைக்கும்போது, மாலை முடிவு விலையைப் பார்த்து அன்று காலையே வாங்கியதுபோன்ற கணக்குகள் உள்ளே நுழைந்துவிடும்.

செலவும் வரியும் இந்த முறைக்கு ஓரளவு சாதகமாகவே இருக்கின்றன. டெலிவரியில் வாங்கும்போதும் விற்கும்போதும் பங்குப் பரிவர்த்தனை வரி 0.1 சதவீதம், வாங்கும்போது முத்திரைக் கட்டணம் 0.015 சதவீதம். மாதக்கணக்கில் வைத்திருக்கும் பங்குக்கு இது சுமையல்ல. 2024 ஜூலை 23-க்குப் பிறகான விதிப்படி, பட்டியலிட்ட பங்கை ஓராண்டுக்குள் விற்ற லாபத்துக்கு 20 சதவீதமும், அதைத் தாண்டி விற்றால் ஆண்டுக்கு 1,25,000 ரூபாய்க்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீதமும் வரி. நஷ்டங்கள் சில வாரங்களில் முடிவதும் பெரிய லாபங்கள் ஓராண்டைத் தாண்டுவதும் அகலமான கோட்டின் இயல்பு. குறுகிய கால நஷ்டத்தை நீண்ட கால லாபத்திலும் கழித்துக்கொள்ள முடியும் என்பதால் இரண்டும் பொருந்திப்போகின்றன.

பணம் குறைந்துகொண்டே வரும் ஒரு நீண்ட காலத்தில், முறை கெட்டுவிட்டதா, வழக்கமான வறட்சியா என்று பிரித்தறிவது எளிதல்ல. லாப நஷ்டத் தொகையைவிட வியாபாரங்களின் உருவம் இதில் அதிகம் சொல்லும். நஷ்டங்கள் அலகுக்குள் நின்று, பெரிய லாபம் மட்டும் வராமலிருந்தால், சந்தையில் நீண்ட ஏற்றங்கள் இல்லை என்று பொருள். அது பழைய சோதனையிலும் பலமுறை வந்திருக்கும். நஷ்டங்கள் அடிக்கடி ஒன்றரை, இரண்டு அலகாக முடிந்தால் பங்குப் பட்டியலில் வர்த்தகம் குறைந்தவை புகுந்துவிட்டன, அல்லது விற்பனை ஆர்டர் தாமதமாகப் போகிறது. பெரிய லாபங்கள் எல்லாம் ஐந்து அலகோடு நின்றுவிட்டிருந்தால், விதியின் கோட்டை யாரோ கையால் நெருக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஆர்டர் பதிவேட்டில் தேதியோடு அது தெரிந்துவிடும்.